டிரைவர் ஹால் ஏசியைப் போட்டது நான்தான்

அந்த ஏசியைப் போட்டது நான்தான். யார்டு இன்சார்ஜ் சார் கேட்டபோதும் இதைத்தான் சொன்னேன், இப்போது எழுதும்போதும் இதைத்தான் சொல்கிறேன். மாற்றிச் சொல்ல நான் எதையும் திருடவில்லை. சுவரில் தொங்கிக்கொண்டிருந்த ஏசியை ஓட விட்டேன், அவ்வளவுதான். அதற்குப் போய் என்னை என்னவோ குடோனுக்கு நெருப்பு வைத்தவள் மாதிரி கேட்டுக்கு வெளியே அனுப்பினார்கள். அனுப்பினால் அனுப்பட்டும்.

காட்டுப்பள்ளி துறைமுகத்துக்குப் போகிற சாலையில் இருக்கிறது அந்தக் கன்டெய்னர் யார்டு. பெயர் வேண்டாம். கேட்டை ஒட்டி டிரைவர்கள் உட்கார ஒரு ஹால் கட்டியிருந்தார்கள். அதன் மூலையில் ஒரு சின்ன கவுன்டர் எனக்கு. திருவொற்றியூரில் என் வீட்டிலேயே டீ போட்டு, பெரிய பிளாஸ்குகளில் ஊற்றி, வடையையும் பன்னையும் பையில் திணித்து, ஷேர் ஆட்டோ பிடித்துக் கொண்டுபோவேன். உள்ளே அடுப்பு வைக்கக் கூடாது என்பது யார்டு விதி. அந்த விதியை நான் ஒருநாளும் மீறியதில்லை. இதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விதியை மீறுகிறவள் என்றுதான் பின்னால் என்னைப் பற்றிப் பேசினார்கள்.

டிரைவர்களுக்கும் ஒரு விதி உண்டு. வண்டியை உள்ளே நிறுத்தி, பேப்பரைக் காட்டி, டோக்கன் வாங்கிவிட்டால் பிறகு வண்டியில் உட்காரக் கூடாது. டிரெய்லர் நிழலில் படுக்கவும் கூடாது. பெட்டி தூக்குகிற மிஷின் பின்னால் வருவது படுத்திருப்பவனுக்குத் தெரியாது, ஓட்டுபவனுக்குப் படுத்திருப்பவன் தெரிய மாட்டான். நல்ல விதிதான், நான் குறை சொல்லவில்லை. அதனால் முறை வரும்வரை எல்லோரும் ஹாலில்தான் உட்கார வேண்டும். சில நாள் காலையில் வந்தவன் சாயங்காலம்வரை உட்கார்ந்திருப்பான்.

அந்த ஹாலைச் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் நிலக்கரித் தூள் பறக்கும், வள்ளூர் அனல்மின் நிலையத்துப் பக்கத்திலிருந்து காற்றடித்தால் சாம்பல் வரும். அதனால் ஜன்னல்களைத் திறக்க முடியாதபடி கண்ணாடி போட்டு அடைத்துவிட்டார்கள். மேலே தகரக் கூரை, அதற்குக் கீழே அட்டை சீலிங். ஏசி இருக்கிறதே என்ற தைரியத்தில்தான் அப்படிக் கட்டினார்கள். ஆனால் அந்த ஏசியின் ரிமோட் இன்சார்ஜ் சாரின் சட்டைப் பாக்கெட்டில் இருந்தது. வெளியிலிருந்து ஆடிட் என்று யாராவது வந்தால் அன்றைக்கு மட்டும் ஹால் சில்லென்று இருக்கும். அவர்கள் கார் கேட்டைத் தாண்டியதும் சார் கண்ணாடிக் கதவைத் திறந்து, உள்ளே கால்கூட வைக்காமல் ரிமோட்டை நீட்டுவார். டக்கென்று நிற்கும். சித்திரை, வைகாசியில் அடைத்த ஹாலுக்குள் ஃபேன் சுற்றினால் என்ன வரும்? சூடுதான் வரும். உட்காரச் சொல்லி விதி போடுவார்களாம், உட்கார்ந்தால் வேக வைப்பார்களாம். எனக்கு வயிறு எரியும்.

இனி போனைப் பற்றி. கிளாஸ் கழுவுகிற பக்கெட்டில் என் பழைய போன் விழுந்து செத்துப்போனது. திருவொற்றியூர் மார்க்கெட் பக்கம் தென்மாவட்டக்காரர் ஒருவர் செகண்ட்ஹேண்ட் போன் கடை வைத்திருக்கிறார். அவரிடம் இருந்ததிலேயே கெட்டியான ஒன்றை எடுத்தேன். முதுகில் கீறல், ஆனால் நன்றாக ஓடியது. அதன் தலையில் ஒரு சின்ன கறுப்புப் புள்ளி இருந்தது. ஓட்டையா, உடைந்ததா என்று கேட்டேன். அது ரிமோட் புள்ளி, டிவி, ஏசி எல்லாவற்றுக்கும் ரிமோட்டாக வேலை செய்யும் என்றார். எனக்கு நம்பிக்கை இல்லை. உடனே அவர் தன் போனில் கேமராவைத் திறந்து என் போனின் தலைக்கு நேராகப் பிடித்தார். என் போனில் ரிமோட் ஆப்பைத் திறந்து ஒரு பட்டனை அழுத்தினார். வெறும் கண்ணுக்கு ஒன்றும் இல்லை. கேமராவில் மட்டும் அந்தப் புள்ளி ஊதா நிறத்தில் மினுக் மினுக்கென்றது. ரிமோட்டிலிருந்து வருகிற வெளிச்சம் நம் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம், கேமராவுக்குத் தெரியும் என்றார்.

வீட்டில் அப்போது கேபிள் பெட்டியின் ரிமோட் தொலைந்துபோய் என் வீட்டுக்காரர் எழுந்து எழுந்து பெட்டிக்குப் போய் பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தார். இடுப்பு டிஸ்க் போய் லாரி ஓட்டுவதை விட்ட மனுஷர். போனை எடுத்துவந்து முயன்றேன். ஆப்பில் எங்கள் கேபிள்காரர் கொடுத்த பெட்டியின் பெயரே இல்லை. விடுவேனா? வரிசையாக ஒவ்வொரு பெயராகத் தட்டினேன். அது ஒரு பட்டனைக் காட்டும், அழுத்தினால் பெட்டி கேட்டதா என்று கேட்கும். இல்லை என்றால் அடுத்ததைக் காட்டும். எதுவோ ஒரு பெயரில் சேனல் மாறியது. அன்று முதல் என் வீட்டுக்காரர் சேனல் மாற்ற என் போனைத்தான் தேடுவார். அந்தத் தொல்லையைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

என் மகள் தன் சம்பளத்தில் வாங்கிய புதுப் போன் என் போனைவிடப் பல மடங்கு விலை. அதில் இந்தப் புள்ளி இல்லை. அதற்குக் கண்ணாடி ஒட்டப் போனபோது கடைக்காரரிடம் ஏன் என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"இப்பம் யாரு இதக் கேட்டு வாங்குதாக்கா? இனிமே டிவி, ஏசி எல்லாம் வைஃபையிலயே ஓடும்னு கம்பெனிக்காரன் நெனைக்கான். உள்ள இருக்குற எடத்துல கேமராவும் பேட்டரியும் பெருசா வைக்கணும்ங்கான். அதான் இதத் தூக்கிட்டான். ஒண்ணு ரெண்டு கம்பெனிதான் இன்னும் விடாம வச்சிருக்கு."

எனக்குக் கோபம் வந்தது. வைஃபையில் ஓடுகிற ஏசி எவன் வீட்டில் இருக்கிறது? எங்கள் தெருவில் ஏசி வைத்திருக்கிற வீடுகளை விரல்விட்டு எண்ணலாம், அதிலும் பாதி ஏதோ ஆபீசில் கழித்துப் போட்டதை வாங்கி மாட்டியது. அதெல்லாம் ரிமோட் வெளிச்சத்துக்குத்தான் கண் திறக்கும். எங்களைப் போல ஆட்கள் இருக்கிறோம் என்பதே போன் செய்கிறவனுக்குத் தெரியாது போலிருக்கிறது. நான் போனைப் புடவைத் தலைப்பில் துடைத்து இடுப்புப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

ஹாலில் அதை எடுக்கிற நாள் வந்தது. டிரைவர்களில் ஒருவர் வியாசர்பாடிக்காரர், நான் பிறந்த அதே ஹவுசிங் போர்டு குடியிருப்பு. இளமையில் பாக்ஸிங் போட்டவர், இன்னும் கை அப்படித்தான் இருக்கும். ஆனால் சர்க்கரை வந்துவிட்டது, சர்க்கரை போடாத டீதான் கேட்பார். அன்று மத்தியானம் கவுன்டருக்கு வந்து கிளாசை வாங்கினவர், அதைக் கீழே வைக்கக்கூட நிதானம் இல்லாமல் அப்படியே சரிந்தார். கிளாஸ் உடைந்தது. சட்டை முழுக்க வியர்வை, ஆனால் கை ஜில்லென்று இருந்தது. நான்கு பேர் பிடித்து பெஞ்சில் படுக்கவைத்தோம். யாரோ முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள், சர்க்கரை இறங்கிவிட்டதோ என்று நான் சர்க்கரைத் தண்ணீர் கரைத்து வாயில் விட்டேன். கொஞ்ச நேரத்தில் கண் திறந்தார். திறந்ததும் அவர் கேட்டது, தன் டோக்கன் போய்விட்டதா என்பதுதான். அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது.

நேராக இன்சார்ஜ் சார் ரூமுக்குப் போனேன். அவர் ரூம் ஜில்லென்று இருந்தது. ஒரு ஆள் விழுந்துட்டாரு சார், ஹால் ஏசியைப் போடுங்க என்றேன். ஏசி ரிப்பேர், மெயின்டனன்ஸுக்குச் சொல்லியிருக்கிறது என்றார். முகத்தைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை. முந்தின வாரம்தான் ஆடிட்காரர்களுக்காக ஓடிய ஏசி அது. சட்டைப் பாக்கெட்டில் ரிமோட்டின் வெள்ளைத் தலை தெரிந்துகொண்டிருந்தது. பொய் சொல்வதற்காவது அதை மேஜைக்குள் வைத்திருக்கலாம். அதற்கும் அவருக்குச் சோம்பல்.

திரும்பி வந்தேன். கவுன்டருக்குள் நின்று போனை எடுத்தேன். இந்த முறை பெயர் தேட வேண்டியிருக்கவில்லை, ஏசியின் மேலேயே எழுதியிருந்தது. முதல் பட்டன், ஒன்றும் இல்லை. இரண்டாவது, ஒன்றும் இல்லை. இன்னும் இரண்டு மூன்று. ஹாலே என்னைப் பார்த்தது. திடீரென்று பீப் என்று ஒரு சத்தம். ஏசியின் மூடி மெதுவாகத் திறந்தது. கொஞ்ச நேரம் சும்மா காற்று வந்தது, பிறகு குளிர் வந்தது. பெஞ்சில் படுத்திருந்த வியாசர்பாடிக்காரர் கண்ணை மூடி நீளமாக மூச்சு விட்டார். ஒருவர் எழுந்துபோய்க் கண்ணாடிக் கதவை நன்றாகச் சாத்திவிட்டு வந்தார்.

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் நான்தான் போடுவேன். சார் வந்து ரிமோட்டை நீட்டி நிறுத்துவார், போவார். நான் மறுபடி போடுவேன். முதலில் அவருக்குப் புரியவே இல்லை. பாக்கெட்டில் இருக்கிற ரிமோட்டைத் தன் வயிறே அழுத்திவிடுகிறது என்று நினைத்திருக்கிறார். பேட்டரியைக் கழற்றித் தனியாக வைத்திருந்ததாகச் செக்யூரிட்டி வந்து சொன்னார். ஹாலில் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். நெடுநாளைக்குப் பிறகு அந்த ஹாலில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

சார் முதன்முதல் நிறுத்திய அன்று எனக்கும் பேஜாராகிவிட்டது, அதையும் சொல்ல வேண்டும். சார் நிறுத்திவிட்டுப் போனதும் நான் பவர் பட்டனை அழுத்தினேன். பீப் வந்தது, ஏசி வரவில்லை. கரன்ட் இல்லாவிட்டால் பீப் எப்படி வரும் என்று யோசிக்காமல், கரன்டைப் பிடுங்கிவிட்டார்கள் என்று எனக்கு உச்சிக்கு ஏறியது. கண்டபடி பேசிவிட்டேன், நான்கு டிரைவர்கள் கேட்டுக்குப் போய்ச் சண்டை போடவே எழுந்துவிட்டார்கள். பிறகுதான் போன் திரையைப் பார்த்தேன். போன் சொல்வதை ஏசி கேட்கும், ஆனால் ஏசி போனுக்குத் திருப்பி எதுவும் சொல்லாது. சார் தன் ரிமோட்டால் நிறுத்தியது என் போனுக்கு எப்படித் தெரியும்? ஏசி ஓடிக்கொண்டிருக்கிறது என்றே அது நினைத்துக்கொண்டிருந்தது. அதனால் என் முதல் அழுத்தலுக்கு நிறுத்து என்று சொல்லியிருக்கிறது. ஏற்கெனவே நின்றிருந்த ஏசியும் பீப் என்று சரி சொல்லிவிட்டது. இரண்டாவது முறை அழுத்தினேன், ஓடியது. எழுந்தவர்களை உட்காரவைக்க ஆளுக்கொரு டீ கொடுக்க வேண்டியதாயிற்று.

உண்மையிலேயே கரன்டைப் பிடுங்க அவர் பார்த்திருக்கிறார். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு லைனை நிறுத்தச் சொன்னார். ஆனால் ஹாலை அவசரமாகக் கட்டியபோது ஏசி லைனையும் கேட் கம்ப்யூட்டர் லைனையும் ஒன்றாகப் போட்டுவிட்டார்கள். அதை நிறுத்தினால் வண்டி உள்ளேயும் வராது, வெளியேயும் போகாது. எலக்ட்ரீஷியன் கையை விரித்துவிட்டார். ஏசிக்கு ஒன்றும் ரிப்பேர் இல்லை, வேறு யாரோ ரிமோட்டில் போடுகிறார்கள், ரிமோட் வெளிச்சத்தை வாங்குகிற அதன் கண்ணை மறைத்துவிட்டால் போதும் என்று யோசனை மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கண்ணை மறைக்க ஆள் வந்தது. கன்டெய்னர் யார்டில் எதை மறைக்க, எதை மூட வேண்டுமென்றாலும் கைக்கு முதலில் வருவது அட்டைப்பெட்டி ஒட்டுகிற பிரவுன் டேப்தான். பெட்டி கிழிந்தாலும் அதுதான், நாற்காலி உடைந்தாலும் அதுதான், ஒருமுறை ஒருவருடைய செருப்புக்கும் அதுதான். ஹவுஸ்கீப்பிங் பெண் ஏணி போட்டு ஏறி, ஏசியில் அந்தக் கண் இருக்கிற இடத்தில் பிரவுன் டேப்பைக் குறுக்காக ஒட்டினாள். கீழே நின்று சார் மேற்பார்வை பார்த்தார். அதன்மேல் மார்க்கர் பேனாவால் ரிப்பேர் என்று எழுதவும் சொன்னார். அவள் இறங்கும்போது என்னை ஒரு பார்வை பார்த்தாள். பாவம், அவளும் அந்த ஹாலைத்தான் துடைக்கிறாள்.

சார் போனதும் ஹால் அப்படியே தொங்கிப்போயிற்று. எல்லாம் முடிந்தது என்று நானும் நினைத்தேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை, போனை நீட்டி அழுத்தினேன். பீப். மூடி திறந்தது. எனக்கே திகைப்பு. பிறகு கடைக்காரரிடம் கேட்டதற்கு, அந்தப் பிரவுன் டேப் நம் கண்ணுக்குத்தான் மங்கல், ரிமோட் வெளிச்சம் அதற்குள் நுழைந்துவிடும், நல்ல கறுப்பு டேப்போ அட்டையோ வைத்திருந்தால்தான் நின்றிருக்கும் என்றார். அன்றைக்கு அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. ரிப்பேர் என்று எழுதிய டேப்புக்குக் கீழே ஏசி ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. அதைப் போனில் படம் பிடிக்காத டிரைவர் இல்லை.

அந்தப் படங்கள்தான் என்னைக் காட்டிக்கொடுத்தனவா, வேறு ஏதாவதா, தெரியாது. இரண்டு மூன்று நாளில் சார் கண்ணாடிக் கதவுக்கு வெளியே சத்தமில்லாமல் நின்று பார்த்திருக்கிறார். ஏசியைப் பார்த்துக் கையைத் தூக்கியது நான் ஒருத்திதான். கூப்பிட்டு அனுப்பினார்.

போனேன். வியாசர்பாடிக்காரரும் கூட வந்தார், வர வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. சார் மேஜைமேல் ரிமோட்டை வைத்திருந்தார். உட்காரச் சொல்லவில்லை. கம்பெனிச் சொத்தை அனுமதி இல்லாமல் இயக்குவது எவ்வளவு பெரிய குற்றம் தெரியுமா என்று ஆரம்பித்தார். கரன்ட் பில், மேலிடம், பாதுகாப்பு என்று என்னென்னவோ சொன்னார். கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"இதப் பாரும்மா. இப்போ என் முன்னாடி அந்த ஆப்பை டெலிட் பண்ணிட்டு, இனிமே பண்ண மாட்டேன்னு சொல்லிட்டுப் போ. கவுன்டர் உனக்கே இருக்கும். இல்லேன்னா நாளைலேர்ந்து உள்ள வராத."

என் பிழைப்பு மொத்தமும் அந்த கவுன்டர்தான். வீட்டுக்காரரின் மருந்து, அரிசி, வாடகை எல்லாம் அந்த பிளாஸ்குகளிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. அழித்துவிட்டால் என்ன, வீட்டுக்குப் போய் மறுபடி போட்டுக்கொள்ளலாமே என்றும் ஒரு நினைப்பு ஓடியது. பொய் சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் பண்ண மாட்டேன் என்று என் வாயால் சொல்ல வேண்டுமே. ஒரு ஆள் என் கவுன்டருக்கு முன்னால் சரிந்து விழுந்ததைப் பார்த்த பிறகு அதை எப்படிச் சொல்வது? அந்த ஜில் ரூமில் நின்றுகொண்டு எனக்கு உடம்பெல்லாம் சுட்டது.

"இன்னா சார் பேசிகினு கீற? வண்டியில குந்தாதன்னு சொல்றதும் நீதான், உள்ள குந்துனா அவிக்கிறதும் நீதான். ஏசி ரிப்பேருன்னு என்னாண்ட பொய் சொன்னதும் நீதான். நான் பொய் சொல்ல மாட்டேன். இது என் துட்டுல வாங்குன போன், இதுல இன்னா இருக்கணும்னு நீ சொல்லாத. உன் கவுன்டர நீயே வச்சிக்கோ."

அவ்வளவுதான் பேசினேன். பக்கத்தில் வியாசர்பாடிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சார் மேஜைமேல் இருந்த ரிமோட்டை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். அன்று மத்தியானமே பிளாஸ்குகளையும் கிளாஸ்களையும் அள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். செக்யூரிட்டி என் பாஸை வாங்கும்போது தலையைக் குனிந்துகொண்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது உண்மைதான். ஆனால் அது பயத்தில் வந்ததில்லை.

வெளியே வந்த பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நான் போனால் என் போனும் போகிறது. ஹாலில் இருந்தவர்கள் அத்தனை பேரும் அன்று தங்கள் போனை எடுத்துப் பார்த்தார்களாம். பெரிய திரை, மூன்று நான்கு கேமரா, மடித்து வைக்கிற போன்கூட ஒருவரிடம் இருந்திருக்கிறது. தலையில் புள்ளி இருக்கிற போன் ஒன்றுகூட இல்லை. வியாசர்பாடிக்காரர் சாயங்காலம் வெளியே வந்து இதைச் சொன்னார். அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வேண்டுமானால் என் போனை வைத்துக்கொள்ளுங்கள் என்று நீட்டினேன். வாங்க மாட்டேன் என்றுவிட்டார். என்னைத் துரத்தினது போதாதென்று என் போனையும் பிடுங்கிக்கொண்டதாக ஆகுமாம்.

ராத்திரி சரியாகத் தூக்கம் வரவில்லை. காலையில் முதல் வேலையாக மார்க்கெட் கடைக்குப் போய் நின்றேன். அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார். புள்ளி இல்லாத போனுக்கு வழியே இல்லையா என்று கேட்டேன். அவர் டிராயரைத் துழாவி ஒரு சின்ன சமாச்சாரத்தை எடுத்தார். சுண்டுவிரல் நகம் அளவுதான் இருந்தது. சார்ஜர் சொருகுகிற ஓட்டையில் இதைச் சொருகி, ஒரு ஆப்பை ஏற்றிக்கொண்டால் எந்தப் போனும் ரிமோட்தான் என்றார். என் மகளின் போனை வாங்கிப் போயிருந்தேன். அதில் சொருகி, அவர் கடை ஏசியையே நிறுத்திப் போட்டுக் காட்டினார். அத்தனை விலை கொடுத்த போனில் கம்பெனிக்காரன் வைக்காமல் விட்டதை ஒரு நகம் அளவு பிளாஸ்டிக் செய்துவிட்டது. இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று அவரைத் திட்டினேன். நீங்க கேக்கவே இல்லையேக்கா என்றார்.

டிராயரில் எத்தனை இருந்ததோ அத்தனையும் வாங்கினேன்.

கேட்டுக்கு எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம், பஞ்சர் கடைக்காரர் தன் தார்ப்பாயில் எனக்கும் கொஞ்சம் நிழல் கொடுத்தார். அங்கே ஒரு ஸ்டூல் போட்டு பிளாஸ்குகளை வைத்தேன். சாலை பொதுச் சாலை, அங்கிருந்து என்னை எழுப்ப இன்சார்ஜ் சாருக்கு அதிகாரம் கிடையாது. உள்ளே போகிற வண்டிகள் என் முன்னால்தான் மெதுவாகத் திரும்ப வேண்டும். வியாசர்பாடிக்காரர் வண்டி வந்தது. கண்ணாடியை இறக்கினார். டீயோடு சேர்த்து அந்தச் சின்னதை அவர் கையில் வைத்தேன், எப்படிச் சொருகுவது, எந்தப் பெயரைத் தட்டுவது, ஒருமுறை வரவில்லை என்றால் இன்னொருமுறை அழுத்துவது என்று எல்லாம் சொன்னேன். அவருக்குப் பின்னால் வந்த வண்டிக்கும் ஒன்று கொடுத்தேன். அதற்குப் பின்னால் வந்த வண்டிக்கும்.

மத்தியானம் ஆயிற்று. தார் உருகுகிற வெயில். தார்ப்பாய்க்குக் கீழேயும் அனல் அடித்தது. என் ரவிக்கை நனைந்து முதுகு அரித்தது. கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். டேப்பை மாற்றி ஒட்டிவிட்டார்களோ, வேறு ஏதாவது செய்துவிட்டார்களோ என்று நினைப்பு ஓடிக்கொண்டே இருந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்க யாரும் வெளியே வரவில்லை. அடைத்த ஹாலில் அவர் மறுபடி விழுந்திருந்தால் நான் பேசிய வீரமெல்லாம் எதற்கு என்று தோன்றியது.

பிறகு வியாசர்பாடிக்காரர் வந்தார். கேட்டிலிருந்து நடந்து, சாலையைத் தாண்டி, என் முன்னால் வந்து நின்றார். சட்டை காய்ந்திருந்தது. இரண்டு கையையும் அக்குளுக்குள் செருகியிருந்தார்.

"உள்ள ரொம்ப குளிருதுக்கா," என்றார். "சூடா ஒரு டீ குடு."